இன்னும் எவ்வளவு வளரும்

நாய்க்குட்டியோடு என் கிளினிக்குக்குள் நுழைகிறவர்கள் முதலில் கேட்பது தடுப்பூசியைப் பற்றி அல்ல, பூச்சி மருந்தைப் பற்றியும் அல்ல. "இது எவ்வளவு பெருசாகுமுங்க?" என்பதுதான். கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தை என் மூக்குக்கு நேரே காட்டுவார்கள். பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்று யாரோ ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பாதத்தை மட்டும் பார்த்துச் சொல்வதற்கு நான் எதற்கு, ஜோசியக்காரரிடமே போகலாமே என்று எனக்கு எரிச்சல் வரும். இதைச் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என் கிளினிக். அதற்கு முன்னால் பல வருடங்கள் அரசு வேலையில் ஊர் ஊராகப் போய் மாடு, ஆடு, கோழி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு நாய், பூனை வைத்தியத்துக்கு வந்தபோது, சாணி மிதிக்காத வைத்தியம் என்று என் வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். மாட்டுக்காரர்கள் என்னை விட்டுவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் கருமத்தம்பட்டிக்காரர். தோட்டமும் உண்டு, தறிக்கூடமும் உண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்பெல்லாம் ரேக்ளா பந்தயத்துக்குக் காளை பழக்கியவர், அந்த வட்டாரத்தில் பேர் சொன்னால் தெரியும் என்று கூட வந்த மனைவி சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. "காளைய ஓட்டி ஓட்டி முட்டி தேஞ்சதுதான் மிச்சமுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு பழைய துண்டில் சுற்றிய குட்டி. இரண்டு மாதம். மஞ்சள் கலந்த பழுப்பு, முகம் மட்டும் கறுப்பு. பீளமேட்டில் ஒரு பெரிய வீட்டில் வளர்கிற கிரேட் டேன் என்கிற ராட்சத ஜாதிப் பெட்டை போட்ட குட்டி. வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்த சமயத்தில் அது காம்பவுண்டைத் தாண்டிவிட்டது. அதனால் தகப்பன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

"ராஜபாளையமுங்க" என்றார் அவர். "அந்தத் தெருவுலயே ஒண்ணு இருக்குதாமா. நல்ல ஒசரமுங்க."

"பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. சொன்னாங்க."

மனைவி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நாய் எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் இருக்கிறார்கள். பொழுதோட, இருட்டுகிற நேரத்தில், அவர் தறிக்கூடத்துக்குப் போனால் திரும்பி வர நேரமாகும். மனைவி சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாக இருப்பார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் தனியாக இருந்த பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன கதைகள் அந்தச் சமயத்தில் நிறைய நடந்தன. அவர் மனைவிக்கு வெளியே தகரம் அசைந்தாலே தூக்கம் போய்விடும். குரைக்கிற நாய் போதாது, பார்த்தாலே ஆள் பின்வாங்குகிற உடம்பு வேண்டும் என்பது அவர் கணக்கு.

"கன்னுக்குட்டி ஒசரமாவது வந்துருமுங்களா டாக்டரம்மா?"

இப்போது சொல்ல முடியாது என்றேன். அம்மாவின் உயரம், எடை தெரியும், அப்பன் தெரியாது. பாதிக் கணக்கு கையில் இருக்கிறது, மீதியை எடை போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் வரும்போது நிறுத்துப் பார்ப்போம், நாலு மாதத்தில் ஓரளவு தெரிந்துவிடும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. குட்டியின் முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தைக் காட்டினார்.

நாலாவது மாதம், கார்த்திகையில் என்று நினைவு, குட்டி பதினேழு கிலோ இருந்தது. சின்ன ஜாதி நாய் என்றால் அந்த வயதில் பாதியைத் தாண்டியிருக்கும். நடுத்தரம் என்றால் கிட்டத்தட்டப் பாதி. பெரிய நாய் பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது மெதுவாக, நீண்ட நாள் வளரும். அம்மா டேன் என்பதையும், குட்டியின் கால் எலும்பு நீளத்தையும், ஊசிக்கு ஊசி ஏறியிருந்த எடையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முப்பத்தாறு கிலோ பக்கம் வந்து நிற்கும் என்றேன். இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். டேன் அளவுக்கு வராது, ஆனால் கதவில் நின்றால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ரேக்ளாவில் முதல் வண்டியாக வந்தவர் போல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். தினமும் மூன்று முட்டை, ஆட்டுக்கால் சூப்பு, மருந்துக்கடையில் வாங்கிய கால்சியம் டானிக். "எலும்பு பலமா வரோணுமில்லீங்க?" நான் டானிக்கை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியத்தை அள்ளி ஊற்றினால் எலும்பு பலமாகாது, கோணலாகும். வேகமாகக் கொழுக்க வைத்தால் பிஞ்சு மூட்டு பாரம் தாங்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கை வைத்தால் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் தீனிக்கு அளவு என்றேன்.

பிறகு ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். காத்தால பால் ஊற்றப் போகிற மொபெட்டின் பின்கம்பியில் நாயைக் கட்டிவிடுவார்கள், நாய் தார் ரோட்டில் பின்னாலேயே ஓடி வரும். நாய்க்கு உடற்பயிற்சி, தனக்குப் பால் வேலை, இரண்டும் முடிந்தது என்று நினைப்பு. அவரிடம் ஒரு மொபெட் இருந்தது. எனவே நான் முந்திக்கொண்டேன்.

குட்டியின் நீள எலும்புகளில் நுனிக்குச் சற்று முன்னால் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். எக்ஸ்ரேயில் அந்த இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் அது கெட்டியாகி, கோடு மறைந்துவிடும். அதுவரைக்கும் அந்த இடம் நசுங்கினாலோ அடிபட்டாலோ ஆபத்து. மாடு கட்டுகிற கட்டுத்தரையில் குட்டி தானாக ஓடட்டும், மண்ணில் புரளட்டும், அலுத்தால் தானே படுத்துவிடும். வண்டிக்குப் பின்னால் கட்டினால் நிற்கிற உரிமை அதற்குக் கிடையாது. உயரத்திலிருந்து குதிக்க விடாதீர்கள், வழுக்குகிற டைல்ஸில் ஓட விடாதீர்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மாட்டுப் பொங்கலைக் கணக்கு வைத்து, "வர்ற பட்டிப் பொங்கல் இல்லீங்கண்ணா, அதுக்கு அடுத்த பட்டிப் பொங்கல். அதுவரைக்கும் வண்டி பின்னாடி ஓட்டக்கூடாது" என்றேன்.

"அப்ப அதுக்கு ஒன்றரை வயசாயிருமுங்களே?"

"ஒன்றரை வயசு ஆகட்டும்."

"சரீங்க" என்றார். கொங்கு நாட்டில் எந்த 'சரீங்க' சம்மதம், எந்த 'சரீங்க' மரியாதை என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடமாகியும் முடியவில்லை.

மாசியில் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நான் கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன், பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. அவர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்கதவைத் திறந்து நாயை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினார். ஏழு மாதம். நல்ல உயரம். கீழே விட்டதும் இடது முன்னங்காலைப் பாதி ஊன்றிப் பாதி தூக்கி நடந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, அந்தக் கால் நேராக இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"எத்தனை நாளா?"

"நொண்டறது பத்து நாளா இருக்குமுங்க. கால் திரும்புனது இப்பத்தான் பாத்தமுங்க" என்றார் மனைவி.

எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு கால்களையும் எடுத்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் ஒட்டுக்கா, சேர்ந்தாற்போல் நிற்கின்றன, ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. இரண்டும் ஒரே வேகத்தில் வளர வேண்டும். வலது காலில் இரண்டு எலும்புகளுக்கும் கீழ்நுனியில் கறுப்புக் கோடு தெளிவாக இருந்தது. இடது காலில் தடிமனான எலும்புக்கு மட்டும்தான் கோடு இருந்தது. மெலிசு எலும்பின் கோடு மூடியிருந்தது. அது வளர்வதை நிறுத்திவிட்டது. பக்கத்து எலும்பு அது தெரியாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. வில்லுக்கு நாண் கட்டினது போல ஒன்று மற்றதை இழுத்து வளைக்கிறது.

"வண்டி பின்னாடி ஓட்டினீங்களா?"

"ஓட்டினேனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். "நான் என்ன சொன்னேன்? அடுத்த பொங்கல்னு சொன்னேனா இல்லையா? தலையைத் தலையை ஆட்டினீங்களே!"

அவர் பயப்படவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. நாயின் தாடையைப் பிடித்து மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். வரிசையாக, வெள்ளையாக, ஒன்றுகூடக் குறையாமல் பல்.

"கடை சேர்ந்துபோச்சுங்களே" என்றார்.

மாட்டுக்காரர்களோடு பல வருடம் கழித்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கன்றுக்குப் பால் பல் விழுந்து இரண்டு பல் போட இரண்டு வருடமாவது ஆகும். பிறகு நாலு, ஆறு, கடைசியில் கடைப்பல் சேரும்போது மாடு முழு மாடு. சந்தையில் விற்கிறவன் வயதைக் கூட்டியும் சொல்வான், குறைத்தும் சொல்வான். வாங்குகிறவன் கேட்டுக்கொண்டே வாயைத் திறந்து பார்ப்பான். இவர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் காளை பிடித்திருக்கிறார்.

"ரெண்டு பல்லுகூடப் போடாத காளைய நானு வண்டியில பூட்டினதே இல்லீங்க" என்றார். "நீங்க சொன்னத நான் உடலீங்க டாக்டரம்மா. வாரா வாரம் வாயத் தொறந்து பாத்துட்டேதான் இருந்தேன். கோரப்பல் வந்துச்சு. அப்பவும் கட்டலீங்க. கடைசிப் பல்லு வரட்டுமுன்னு இருந்தேன். பட்டிப் பொங்கலன்னிக்குப் பாத்தா எல்லாஞ் சேர்ந்துபோச்சு. நீங்க எல்லா நாய்க்கும் பொதுவா ஒரு வயசு சொல்றீங்க, இது டேனாச்சே, சீக்கரமா முத்திப்போச்சு போலன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

நான் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். ஒழுங்காக, பொறுமையாக, தனக்குத் தெரிந்ததிலேயே நம்பகமான அளவுகோலை வைத்துக் காத்திருந்த மனிதரை எப்படித் திட்டுவது? நாய்க்கு எல்லாப் பல்லும் ஆறு, ஏழு மாதத்தில் மாறிவிடும் என்றேன். எலியாட்டம் இருக்கிற சின்ன நாய்க்கும் அப்படித்தான், டேனுக்கும் அப்படித்தான். எலும்பு பல்லைக் கேட்டு வளர்வதில்லை. பெரிய நாய் பெரிய நாயாக இருப்பதாலேயே அதிக நாள் வளர்கிறது. சீக்கிரம் முத்துவது சின்ன நாய்தான்.

ஓட்டத்தில் போனதா, ஓட்டம் முடிந்த ஒரு நாள் அலுத்த காலோடு குட்டியானை வண்டியிலிருந்து குதித்ததே, அதில் போனதா என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். ஒரு குதியில் நசுங்கியிருக்கலாம், தினமும் தாரில் அடித்ததும் சேர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே என்ன ஆனது என்று சொல்லும், என்றைக்கு என்று சொல்லாது. அவருக்கு அது பெரிய தண்டனையாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாளைக் குறித்துக் காட்டியிருந்தால் அந்த ஒரு நாளை மட்டும் திட்டிக்கொண்டிருப்பார்.

"இனி என்னாகுமுங்க?" மனைவிதான் கேட்டார். நாயின் தலை அவர் மடியில் இருந்தது. காவலுக்கு வாங்கின நாய் சாளைக்குள்ளே அவர் கட்டிலுக்கடியில் படுக்கிறது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. "கண்ணு கண்ணு" என்று அவர் கூப்பிடுவதைத் தவிர அதற்கு வேறு பேரும் இருக்கவில்லை.

அது இனி எவ்வளவு வளரப்போகிறது என்பதைப் பொறுத்தது என்றேன். வளர்ச்சி கிட்டத்தட்ட முடிந்த நாய் என்றால் கால் இதோடு நின்றுவிடும், கொஞ்சம் கோணலாக நடக்கும், பார்த்துக்கொள்ளலாம். இன்னும் வளர வேண்டிய நாய் என்றால், வளர்கிற ஒவ்வொரு விரற்கடையும் காலை இன்னும் திருப்பும். முழங்கை மூட்டும் கழண்டு வரும். பிறகு அந்தக் காலை ஊன்றவே ஊன்றாது.

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப இது சின்ன நாய்தானுங்களே?"

நான் எடை மேடையை இழுத்துவைத்தேன்.

"அப்பன் யாருன்னே தெரியாதுங்களே டாக்டரம்மா. தெருநாயாத்தான் இருக்குமுங்க. அந்தத் தெருவுல நான் பாத்தேன், எல்லாம் குட்டை குட்டையா திரியுது. இதும் இப்பவே ஒசரமா இருக்குது, இதுக்கு மேல எங்கீங்க வளரப் போகுது?"

"நேத்து வரைக்கும் அதுக்கு அப்பன் ராஜபாளையமுன்னு ஒறம்பர சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னீங்க" என்றார் மனைவி. கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை.

அவர் குனிந்து நாயின் முன்னங்காலைத் தூக்கிப் பாதத்தை எனக்குக் காட்டினார். இதே கிளினிக்கில், இதே மேசையில், ஐந்து மாதத்துக்கு முன்னால் காட்டிய அதே கால். "சின்னப் பாதந்தானுங்களே?" என்றார்.

நிறுத்துப் பார்த்தேன். இருபத்தாறு கிலோ. நாலு மாதத்தில் நான் போட்ட கணக்கு துளி பிசகாமல் வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த எண் சரியாக இருந்ததில் சந்தோஷமே இல்லை. வலது காலில் இரண்டு கோடும் திறந்து கிடக்கின்றன. இன்னும் பத்து கிலோ, அதற்கேற்ற உயரம். வளரும் என்றேன். அவர் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு வைத்தியத்தில் தேர்ந்த நண்பர் ஒருவரிடம் அனுப்பினேன். ஒரு வழி இருந்தது. வளராமல் நிற்கிற மெலிசு எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டால் நாண் அறுந்துவிடும், தடிமனான எலும்பு இழுபடாமல் வளரும். வெட்டின இடம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாயின் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். வளர்ச்சி பாக்கி இருக்கும்போது செய்தால்தான் இதனால் பிரயோசனம். அந்த வாரமே செய்தார்கள். முழுக்க நேராகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மேலும் மோசமாகாமல் நிற்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். கயிற்றைக் கையில் பிடித்து, மண்தரையில், மெதுவாக நடக்க மட்டும்தான் அனுமதி. ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, வண்டியில் தானாக ஏறி இறங்கக்கூடாது.

சித்திரை வெயிலில் மறு எக்ஸ்ரேவுக்கு வந்தார்கள். கால் பரவாயில்லை. நான் பயந்தது போலத் திரும்பவில்லை. ஆனால் நாய்! விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எடை இருபத்து நாலு. குடற்புழுவா, வேறு நோயா என்று நான் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னார்.

"தீனி போட உடமாட்டேங்கறாருங்க. ஒரு வேளைக்கு ஒரு கை சோறு. நான் அவரு பாக்காத நேரத்துல போடறதுதான்."

"ஏனுங்கண்ணா?"

அவர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொறைச்சுப் போட்டா வளர்றது நின்னுருமுன்னுங்க."

சத்தம் போட்டேன். வெளியே பூனையோடு காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். பட்டினி போட்டால் எலும்பின் நீளம் குறையாது, எலும்பின் பலம்தான் குறையும். வெட்டின இடம் ஆறவும் ஆறாது. உயரம் எவ்வளவு என்பது பிறக்கும்போதே அதன் உடம்பில் எழுதியாயிற்று, சோற்றைக் கூட்டியும் அதை அதிகமாக்க முடியாது, குறைத்தும் சின்னதாக்க முடியாது. முதலில் மூன்று முட்டை கொடுத்து வளர்க்கப் பார்த்தீர்கள், இப்போது பட்டினி போட்டு நிறுத்தப் பார்க்கிறீர்கள், இரண்டுமே உங்கள் கையில் இல்லை என்றேன்.

"எங்கையில என்னதானுங்க இருக்குது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கயிறு இருக்கிறது என்றேன். தினமும் இரண்டு வேளை, மண்ணில், மெதுவாக. அது இழுத்தாலும் நீங்கள் ஓடாதீர்கள். அவ்வளவுதான்.

அவர் அதைச் செய்தார். இதை மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காத்தாலயும் பொழுதோடயும் தென்னந்தோப்பு வரப்பில் நாயோடு நடந்தார். பொழுதோட நடக்க வேண்டியிருந்ததால் தறிக்கூடத்தைத் தங்கச்சி மாப்பிள்ளையிடம் விட்டார். நடந்து வந்ததும் நாய் திமிறி ஓடிவிடாமல் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் மனைவியும் கூட நடக்க ஆரம்பித்தார். மெதுவாக நடக்கிற ஒரு நாய், அதைவிட மெதுவாக நடக்கிற இரண்டு பேர். "கலியாணமான நாள்ல இருந்து இவரு என்கூடச் சேந்து இத்தன தூரம் நடந்ததில்லீங்க" என்றார் அவர். தகரம் அசைந்தால் இப்போதும் பயமா என்று கேட்டேன். யாருக்குத் தெரியும், அந்த நேரத்தில் மூன்று பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம் என்றார்.

மாதம் ஒரு தடவை எடைக்கு வருவார்கள். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. முப்பத்து மூன்று. முள் ஏறும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்ப்பார். மற்றவர்கள் குட்டியோடு வந்து என் முன்னால் கிலோக்களைக் கொண்டாடும்போது அவர் காத்திருப்பு பெஞ்சில் உட்கார்ந்து நாயின் இடது காலை முழங்கையிலிருந்து பாதம் வரை தடவிக்கொண்டிருப்பார். போன தடவை போலத்தான் இருக்கிறதா, திரும்பியிருக்கிறதா என்று கையாலேயே அளப்பார். ஒரு தடவை ஒரு ஐ.டி. பையன் ராட்வீலர் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, தினமும் இ.சி.ஆர். ரோட்டு வேகத்தில் பைக் பின்னால் ஓடவிடுகிறேன் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் பெருமையடித்தான். இவர் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று என் காதில் விழவில்லை. பையன் குட்டியை மடிமேல் ஏற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

நான் முதலில் சொன்ன பட்டிப் பொங்கல் வந்தது, போனது. தை மாதக் கடைசியில் வந்தார்கள். அவர் குட்டியானை வண்டிக்கு ஒரு சாய்வுப் பலகை அடித்திருந்தார், நாய் அதன் வழியே பெரிய மனிதர் போல இறங்கி வந்தது. இடது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நாலு காலையும் ஊன்றி நடந்தது. மேசையில் ஏற்றும்போது அவர் பழக்க தோஷத்தில் அதன் வாயைத் திறக்கப் போனார். பாதியில் கையை எடுத்துக்கொண்டார்.

முப்பத்தைந்து கிலோ. என் கணக்குக்கு ஒரு கிலோ குறைவு.

எக்ஸ்ரேயைத் திரையில் போட்டேன். கறுப்புக் கோடு இல்லை. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை. எல்லாம் வெள்ளையாக, கெட்டியாக மூடிவிட்டிருந்தது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டார் போல, அவரே கேட்டார்.

"இன்னும் வளருமுங்களா டாக்டரம்மா?"

"இல்லீங்கண்ணா. வளர்ந்து முடிஞ்சுது. இனி ஓடலாம். தார் ரோட்டுல வேண்டாம், உங்க தோப்புல, அது இஷ்டத்துக்கு ஓடட்டும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "நின்னுபோச்சாமா அம்மணி" என்றார். "நின்னுபோச்சாமா." சொல்லிவிட்டு, கன்றுக்குட்டி உயரம் வர வேண்டும் என்று வாங்கின அந்த நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மனைவி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். நாய் அசையாமல் நின்றது.